வர்க்கங்களின் தலைகீழ்த் தொடரும் N + ½ சதுரமும்

கேள்வி: 1 + 1/4 + 1/9 + … = π²/6 என்பதை π cot πz வைத்து நிறுவும்போது N + ½ வரை ஒரு சதுரம் போடுகிறார்கள், "தொகையீடு பூஜ்யத்தை நெருங்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏன் அந்த அரை? ஏன் பூஜ்யம்? π² எங்கிருந்துதான் வருகிறது?

π² வருவது ஒரே ஒரு புள்ளியிலிருந்து, z = 0 இலிருந்து. மற்ற துருவங்கள் எல்லாம் வெறும் பின்னங்களைத்தான் தருகின்றன. அதனால் அரைக்குப் போவதற்கு முன்னால் சார்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

```
f(z) = π cot(πz) / z²
```

sin πz முழு எண்களில் மட்டும்தான் பூஜ்யமாகும். கலப்பெண் தளம் முழுக்கத் தேடினாலும் வேறு இடம் கிடையாது. ஒரு முழு எண் n-க்குப் பக்கத்தில் sin πz என்பது ஏறக்குறைய (−1)ⁿ π(z − n), cos πz என்பது ஏறக்குறைய (−1)ⁿ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் குறிகள் அடிபட்டுப் போகும். முன்னால் நிற்கும் π, கீழே வந்த π-ஐ அடித்துவிடும். மிஞ்சுவது 1/(z − n). ஆக, π cot πz எல்லா முழு எண்களிலும் எளிய துருவம் கொண்டது, அங்கெல்லாம் எச்சம் சரியாக 1. இதோடு 1/z²-ஐப் பெருக்கினால் n-இல் எச்சம் 1/n² ஆகிறது. நமக்கு வேண்டிய தொடரின் உறுப்பு அப்படியே வந்துவிட்டது. cot எடுத்ததற்குக் காரணம் இது ஒன்றுதான். 1 − 1/4 + 1/9 − … என்று குறி மாறும் தொடர் வேண்டுமென்றால் cot-க்குப் பதிலாக π/sin πz எடுத்தால் போதும்.

இப்போது பூஜ்யம். இங்கே cot-இன் துருவமும் 1/z²-இன் துருவமும் சேர்ந்து மூன்றாம் வரிசைத் துருவமாகிவிடுகின்றன. கல்லூரியில் நான் முதலில் இரண்டாம் வகைக்கெழுச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். πz cot πz-ஐ இரண்டு முறை வகையிட்டு எல்லை எடுக்கப் போனால் 0/0 திரும்பத் திரும்ப வரும், ஒரு பக்கம் முழுக்க நீளும், நடுவில் ஒரு குறி தவறினால் எல்லாம் போச்சு. அதைவிடத் தொடராக விரித்து வகுப்பது எவ்வளவோ மேல்:

```
cos πz       = 1 − π²z²/2 + …
sin πz / πz  = 1 − π²z²/6 + …
πz cot πz    = 1 − π²z²/3 + …
```

மூன்றாவது வரி முதல் இரண்டு வரிகளின் ஈவு. π²z²-இன் கெழு −1/2 + 1/6 = −1/3. அந்த மூன்றாவது வரியை z³-ஆல் வகுத்தால் f(z) = 1/z³ − π²/(3z) + … என்று வரும். 1/z-இன் கெழுதான் எச்சம், அது −π²/3. சைன் தொடரில் இருக்கும் அந்த π²/6-ஐக் கவனியுங்கள். 1735 வாக்கில் ஆய்லர் இந்தக் கணக்கைத் தீர்த்தபோது அவர் கைவைத்ததும் அதே கெழுவின் மேல்தான். எச்சங்களைப் பற்றிய கோட்பாடு கோஷியின் கையில் உருவாவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த எச்சத்தைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கடைசியில் இது மறுபக்கம் போய் நேர்க்குறித் தொடருக்குச் சமமாக வேண்டும். ஆகவே இது எதிர்க்குறியாகத்தான் இருந்தாக வேண்டும். உங்களுக்கு +π²/3 வந்தால் வகுத்தலில் எங்கோ பிழை.

சரி, இப்போது ±(N + ½) ± i(N + ½) என்ற நான்கு முனைகளும் கொண்ட சதுரத்தைச் சுற்றித் தொகையிட்டால், எச்சத் தேற்றம் சொல்வது இது:

```
(1/2πi) ∮ f(z) dz = 2(1 + 1/4 + … + 1/N²) − π²/3
```

முன்னால் இருக்கும் 2, எதிர்க்குறி முழு எண்களும் உள்ளே இருப்பதால் வந்தது. இதை மறந்து π²/3 என்று விடை எழுதுபவர்கள் நிறைய. இன்னொன்று, இது எல்லை எடுத்த பிறகு வரும் சமன்பாடு அல்ல. N = 1 என்றாலும் N = 10 என்றாலும் துல்லியமாக உண்மை. இதற்குப் பிறகு நான் சொல்வதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அரை எதற்கு என்பதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. வலப்பக்கத்தைப் பாருங்கள்: எந்தத் துருவங்கள் உள்ளே என்பதை மட்டும்தான் அது கேட்கிறது. செங்குத்துப் பக்கத்தை N-க்கும் N + 1-க்கும் இடையில் எங்கே நகர்த்தினாலும் தொகையீட்டின் மதிப்பு இம்மியும் மாறாது. சரியாக N-இன் மேல் மட்டும் வைக்கக்கூடாது, அங்கே சார்பு வெடிக்கும், தொகையீட்டுக்கே பொருள் இருக்காது. ஆகவே ½ என்பது மதிப்புக்காக அல்ல, அந்த மதிப்பை நாம் வசதியாக மதிப்பிடுவதற்காக. N + ½-இல் கோடு போட்டால்

```
cot(π(N + ½) + iπy) = −i tanh(πy)
```

tanh எப்போதும் 1-க்குள் அடங்கும், வேலை முடிந்தது. இதையே N + 0.01-இல் போட்டால், மெய்யச்சைக் கடக்கும் இடத்தில் cot-இன் மதிப்பு 32-ஐ ஒட்டி வரும். அதுவும் பரவாயில்லை, N வளர வளர அந்த 32 வளராது, நிறுவல் அப்படியே ஓடும். சிக்கல் எப்போது என்றால், கோட்டுக்கும் துருவத்துக்கும் உள்ள தூரம் N கூடக்கூடச் சுருங்கினால். N + 1/N-இல் போட்டீர்கள் என்றால் cot ஏறக்குறைய N/π அளவுக்கு ஏறும், "மிகப்பெரிய மதிப்பு × நீளம்" என்ற வரம்பு பூஜ்யத்துக்குப் போகாது. தொகையீடு அப்போதும் பூஜ்யத்துக்குத்தான் போகும், நம் கையில் இருக்கும் முரட்டு அளவுகோலால் அதைக் காட்ட முடியாமல் போகும், அவ்வளவுதான்.

கிடைமட்டப் பக்கங்களில் |cot πz| ≤ coth(π(N + ½)). N = 1 என்றாலே இது 1.0002-க்குக் கீழே வந்துவிடும். ஆக, N ≥ 1 என்றால் சதுரத்தின் விளிம்பு முழுக்க |cot| 1.0002-ஐத் தாண்டாது. சதுரத்தின் சுற்று நீளம் 8(N + ½). அதன் மேல் |z| குறைந்தது N + ½. மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் தொகையீட்டின் அளவு 1.0002 × 8π/(N + ½)-க்குள் நிற்கும். நீளம் N-ஆகக் கூடுகிறது, 1/z² என்பது 1/N²-ஆகக் குறைகிறது. குறைவது ஜெயிக்கிறது. 1/z மட்டும் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்து ஒரு மாறிலிதான் மிஞ்சும், இந்த வரம்பிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எல்லை எடுத்தால் 2S − π²/3 = 0, S = π²/6. நிறுவல் இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் என்னைக் கேட்டால் இதற்கு அப்புறம்தான் அழகே. "பூஜ்யத்துக்குப் போகும்" என்று தள்ளிவிடும் அந்தத் தொகையீடு உண்மையில் எவ்வளவு?

N = 10 எடுங்கள். முதல் பத்து உறுப்புகளின் கூட்டல் 1.549768. அதை இரட்டித்து π²/3 = 3.289868-ஐக் கழித்தால் −0.190333. இதுதான் 2πi-ஆல் வகுத்த தொகையீட்டின் சரியான மதிப்பு. நம் வரம்பு சொன்னது 4/10.5, அதாவது 0.381. உண்மை அதில் ஏறக்குறைய சரிபாதி. இது தற்செயல் அல்ல. மெய்யச்சை விட்டுச் சற்று மேலே போனாலே cot πz கிட்டத்தட்ட −i ஆகிவிடுகிறது, கீழே போனால் +i. tanh(πy) என்பது y = 1-இலேயே 0.996 ஆகிவிடுகிறதே, அதனால்தான். ஆகவே மேல்பாதியில் −iπ/z², கீழ்பாதியில் +iπ/z² என்று வைத்து R = N + ½ என்று கொண்டு தொகையிடுங்கள். ஒவ்வொரு பாதியும் −2πi/R தரும். மொத்தம் −4πi/R, 2πi-ஆல் வகுத்தால் −2/R. R = 10.5-க்கு அது −0.190476. மேலே கணக்கிட்ட −0.190333-க்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். மெய்யச்சுக்கு அருகில் நாம் செய்த பிழை, மேலே ஒரு குறியும் கீழே எதிர்க்குறியுமாக வந்து பெரும்பாலும் அடிபட்டுவிடுகிறது.

இதைத் திருப்பிப் படித்தால், N உறுப்புகளோடு நிறுத்தும்போது விட்டுப்போகும் வால் ஏறக்குறைய 1/(N + ½). பத்து உறுப்புகளின் கூட்டலோடு 1/10.5 = 0.095238-ஐச் சேர்த்தால் 1.645006. உண்மை மதிப்பு 1.644934. வெறுமனே கூட்டிக்கொண்டே போய் இந்தத் துல்லியத்தை எட்ட ஏறக்குறைய 14,000 உறுப்புகள் வேண்டும். உங்கள் சதுரத்தின் விளிம்பில் ஓடிக்கொண்டிருப்பது அந்த வால்தான். சதுரம் பெரிதாகும்போது அது பூஜ்யமாவதும், தொடர் ஒருங்குவதும் ஒரே விஷயம்.

இதே வழியை மற்ற அடுக்குகளுக்கும் போட்டுப் பார்க்கத் தோன்றும். நான்காம் அடுக்குக்கு அப்படியே நடக்கும்: πz cot πz-இல் அடுத்த உறுப்பு −π⁴z⁴/45, அதில் பாதி எடுத்தால் 1 + 1/16 + 1/81 + … = π⁴/90. மூன்றாம் அடுக்கில் ஒன்றுமே கிடைக்காது. n-இல் எச்சம் 1/n³, −n-இல் −1/n³, இரண்டும் அடிபட்டுவிடும். πcot(πz)/z³ இரட்டைச் சார்பு, ஆகவே பூஜ்யத்திலும் எச்சம் 0. சமன்பாடு 0 = 0 என்று நிற்கும். அது தவறல்ல, ஆனால் 1 + 1/8 + 1/27 + … பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. அந்த எண் விகிதமுறா எண் என்பதையே 1978-இல் அப்பேரி வேறு பாதையில்தான் காட்ட வேண்டியிருந்தது.