மூச்சை அடக்காதீர்கள்: புதிதாக நீச்சல் பழகுவோரின் கேள்விகள்

வயது 42. இரண்டு வாரமாக மாநகராட்சிக் குளத்தில் பழகுகிறேன். நாலு கை போட்டதுமே மூச்சு முட்டுகிறது. நுரையீரல் பலம் போதவில்லையா?

நுரையீரலில் குறையில்லை. முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள். உள்ளே கரியமில வாயு சேரச் சேர உடம்பு தவிக்கத் தொடங்கும். அப்புறம் தலையைத் தூக்கும் ஒரே நொடியில் பழைய காற்றை வெளியே தள்ளி, புதிய காற்றையும் இழுக்கப் பார்க்கிறீர்கள். அதற்கு நேரம் போதாது. அரை மூச்சுதான் கிடைக்கும், நாலாவது கையில் அது தீர்ந்துவிடும்.

மூச்சை வெளிவிடும் வேலையைத் தண்ணீருக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். மார்பளவு நீரில் நின்று குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் காற்றை இழுத்து, முகத்தை நீரில் வைத்து, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். மூக்கு வழியே குமிழிகள் வரும். மூன்று எண்ணியதும் தலையைத் தூக்கி, வாயால் இழுத்து, மறுபடி முகத்தை வையுங்கள். முதல் நாள் ஐந்து ஐந்தாகச் செய்தால் போதும். நடுவில் நிறுத்தாமல், இரைக்காமல் 20 முறை வந்த பிறகு கை போடுவதைப் பற்றி யோசிக்கலாம். மூக்கில் தண்ணீர் ஏறினால், அந்த இடத்தில் முனகலை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. நீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம் என்று வேக வேகமாகப் பல மூச்சு இழுத்துவிட்டு மூழ்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் கரியமில வாயு குறைந்து, தவிப்பு தாமதமாக வரும். அது வருவதற்குள் நினைவு போய்விடக்கூடும்.

மல்லாந்து மிதக்கும்போது கால் அமிழ்ந்துகொண்டே போகிறது. மற்றவர்கள் மட்டும் பலகைபோலக் கிடக்கிறார்களே?

காற்று நெஞ்சில் இருக்கிறது, கனம் இடுப்புக்குக் கீழே. ஏற்ற இறக்கப் பலகைபோல ஒரு பக்கம் தாழத்தான் செய்யும். ஒல்லியாக, தசைப்பிடிப்பான கால்களுடன் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தாழும். கால் எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் நிலைமை மோசமாகும்.

காது இரண்டும் நனையும்படி தலையைச் சாய்த்து, பார்வையை நேர் மேலே வையுங்கள். கைகளை நீருக்குள்ளேயே தலைக்கு மேல் நீட்டினால் கனம் கொஞ்சம் அந்தப் பக்கம் நகரும். நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, சட்டென்று விட்டு உடனே இழுங்கள். இத்தனைக்குப் பிறகும் கால் சரிந்து நின்றால் விட்டுவிடுங்கள். வாயும் மூக்கும் வெளியே இருந்தால் அதுவும் மிதப்புதான்.

மிதந்துவிடுகிறேன், ஆனால் எழுந்து நிற்கத் தெரியாமல் பதறுகிறேன்.

பல வகுப்புகளில் விட்டுப்போகும் பாடம் இது. மிதக்கப் பழகுவதற்கு முன்பே இதைப் பழக வேண்டும். குப்புற மிதந்தால், முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கி, நீட்டிய கைகளால் நீரைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இடுப்பு தானாகக் கீழே வரும். பாதம் தரையில் பட்ட பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். மல்லாந்திருந்தால், மோவாயை நெஞ்சோடு சேர்த்து, முழங்காலை மடக்கி, கைகளால் நீரைப் பின்னாலிருந்து முன்னுக்கு அள்ளுங்கள். பதறுகிறவர்கள் முதலில் தலையைத் தூக்குகிறார்கள். கால் அந்தரத்தில் இருக்கையில் தலை தூக்கினால் வாய் நிறையத் தண்ணீர்தான்.

எத்தனை வகுப்பில் ஆழமான பக்கம் போகலாம்?

வகுப்பை எண்ணாதீர்கள், செய்ய முடிவதை எண்ணுங்கள். மூச்சு, மிதப்பு, எழுந்து நிற்பது ஆகிய மூன்றும் வந்ததும் சுவரைக் காலால் உந்தி, கை நீட்டி, அசையாமல் 3 மீட்டர் வழுக்கிப் போங்கள். அடுத்து அதே வழுக்கலோடு கால் அடிப்பு. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மடக்கினால் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். மிதவைப் பலகையோடு 10 மீட்டர் போக முடிந்ததும் கையையும் பக்கவாட்டு மூச்சையும் சேர்க்கலாம்.

தரையைத் தொடாமல் 25 மீட்டர் நீந்துவது, ஒரு நிமிடம் மல்லாந்து மிதப்பது, குப்புற இருந்து மல்லாக்கப் புரள்வது, பாதம் தரையில் படாமல் நின்ற நிலையில் ஒரு நிமிடம் கால் துழாவுவது: இவ்வளவும் ஆழமில்லாத பக்கத்தில் வந்த பிறகு, அதுவும் பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது ஆழத்துக்குப் போங்கள். தரை எங்கிருந்து சரிகிறது என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மார்பளவில் நடந்துகொண்டிருப்பவர் இரண்டே எட்டில் கழுத்தளவுக்குப் போய்விடுவது அந்தச் சரிவில்தான்.

ஐந்து வயது மகனுக்குக் காற்றடைத்த கைப்பட்டை போடலாமா?

பழகுவதற்கு வேண்டாம். அது உடம்பை நெட்டுக்குத்தாக நிறுத்திவிடும், நீச்சலுக்கோ படுக்கை நிலை வேண்டும். பாதுகாப்புக்கும் அதை நம்ப முடியாது. கழன்றுவிடும், காற்றும் இறங்கும். நீங்கள் நீருக்குள், கை எட்டும் தூரத்தில் இருங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

பக்கத்தில் ஒருவர் தத்தளித்தால்?

பெரும்பாலும் கத்த மாட்டார்கள், மூச்சே கிடைக்காதபோது குரல் எப்படி வரும்? வாய் நீர் மட்டத்தில் ஏறி இறங்க, தலை பின்னால் சாய, கைகள் நீரை அழுத்திக்கொண்டிருந்தால் உடனே உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். கரையில் படுத்துக்கொண்டு கழியையோ துண்டையோ நீட்டுங்கள், எட்டாவிட்டால் மிதவை வளையத்தை வீசுங்கள். குதிக்காதீர்கள். பிடி கிடைத்தால் அவர் உங்கள் தோள்மேல் ஏறுவார், உங்களுக்கோ இப்போதுதான் மூன்று எண்ண வந்திருக்கிறது.