ஓட்ட வேகமும் ஓய்வு நேரமும்

கேள்வி: நிதி திரட்ட சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு சைக்கிளில் போகிறோம். இருட்டுமுன் சேர என்ன வேகம் வேண்டும்?

சக்கரம் சுழலும் நேரத்தில் மட்டும் கிடைக்கும் சராசரிதான் ஓட்ட வேகம். சம்பளத்தில் வாடகை போக மிச்சம்தானே கைக்கு? நிற்கும் நேரத்தையும் அப்படி முதலில் கழியுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கி.மீ. ஜனவரியில் 6 மணியளவில் சூரியன் மறையும். காலை 6-க்குக் கிளம்பி, பஞ்சருக்கென அரை மணி ஒதுக்கி, மாலை 5.30-க்குச் சேரத் திட்டமிட்டால் பதினொன்றரை மணி நேரம். சாப்பாடு, டீ, தண்ணீருக்கு 3 மணி போனால் மிச்சம் எட்டரை. 150-ஐ 8.5-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 17.6 கி.மீ.

சைக்கிளின் வேக மீட்டர் சராசரி 18 காட்டுவதால் நேரத்துக்குப் போகிறோம் என்று பலர் நம்புகிறார்கள். நிற்கும்போது தானாக நின்றுவிடும் மீட்டரில், டீக்கடையில் கூடுதலாகப் போன அரை மணி தெரியாது.