குஞ்சுக் கூண்டில் 40 வாட் பல்பு நன்றாக எரிந்து, 100 வாட் மங்குவது ஏன்?

கேள்வி: கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க 100 வாட் ஒண்ணு, 40 வாட் ஒண்ணு, ரெண்டு குண்டு பல்பு மாட்டினேனுங்க. 40 நல்லா எரியுது, 100 செவந்து மங்கிக் கெடக்குது. 100 வாட் பல்பு கெட்டுப்போச்சுங்களா? பல்லடம் பக்கம்.

பல்பு கெடலைங்க. இரண்டையும் சீரிஸில், அதாவது ஒரு பல்பைக் கடந்த கரண்டே அடுத்ததற்குப் போகும்படி இணைத்திருக்கிறீர்கள். ஒரு பல்பைக் கழற்றிப் பாருங்கள். மற்றதும் அணைந்தால் சீரிஸ்தான்.

பல்பில் அச்சிட்ட வாட், முழு 230 வோல்ட்டும் அதற்குக் கிடைத்தால் மட்டுமே பொருந்தும். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை வரும். 100 வாட்டுக்கு 529 ஓம், 40 வாட்டுக்கு 1322 ஓம். வாட் குறைந்த பல்புக்குத்தான் தடை அதிகம். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

சீரிஸில் இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடுகிறது. மொத்தத் தடை 1851 ஓம் என்பதால் அது 0.124 ஆம்பியர். கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 40 வாட் பல்புக்கு சுமார் 20 வாட், 100 வாட் பல்புக்கு வெறும் 8 வாட். தடை அதிகமுள்ளது அதிக வோல்ட்டை இழுத்துக்கொள்கிறது. அதனால் அது பிரகாசமாக எரிகிறது.

உங்கள் கூண்டில் வித்தியாசம் இந்தக் கணக்கைவிடப் பெரிதாகவே இருக்கும். டங்ஸ்டன் இழை சூடு குறைந்தால் அதன் தடையும் இறங்கிவிடும். 100 வாட் இழை சரியாகச் சூடேறாததால் அதன் பங்கு வோல்ட் இன்னும் சுருங்கி, 40 வாட்டுக்கே போகிறது. உண்மையில் ஏறக்குறைய 30 வாட்டும் 6 வாட்டும் என்று பிரியும். அணைந்த 100 வாட் பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் 529 வராமல் 40 ஓம் அளவில் காட்டுவதும் இதனால்தான். மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம்.

பேரலலில், அதாவது ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாக ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைத்தால், இரண்டுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். 100 வாட் 0.43 ஆம்பியரும், 40 வாட் 0.17 ஆம்பியரும் எடுத்து, ஒவ்வொன்றும் தன் வாட்டுக்கு எரியும். தடை குறைந்தது அதிகக் கரண்ட் எடுப்பதால் இங்கே 100 வாட்தான் பிரகாசம். மொத்தம் 140 வாட். இப்போது உங்கள் கூண்டுக்குக் கிடைப்பது அதில் கால்பங்குச் சூடுதான்.

சரிசெய்ய, மெயினை அணைத்துவிட்டு ஹோல்டர்களைத் திறங்கள். முதல் ஹோல்டரிலிருந்து அடுத்ததற்கு ஒற்றை வயர் மட்டும் போயிருக்கும். அதை எடுத்துவிட்டு, சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸை இரண்டு ஹோல்டர்களிலும் ஒரு திருகுக்கும், நியூட்ரலை மறு திருகுக்கும் கொடுங்கள். ஹோல்டரைத் தவிடு, உமி, தென்னைநார் எதுவும் தொடாமல் தூக்கிக் கட்டுங்கள்; 100 வாட் இப்போதுதான் முழுச் சூட்டுக்கு வரப்போகிறது.

அதன் பிறகும் குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று அண்டி நின்றால் சூடு போதவில்லை, பல்பை இறக்குங்கள். ஓரமாக ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம், உயர்த்துங்கள்.