டிவிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம் பக்கத்தில் கிராமம். மதுரை ஷோரூம் ஒன்றில் 55 இன்ச் எல்.இ.டி. டிவி 46,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். கம்பெனி வாரண்டி 1 வருடம். அதற்கு மேல் 2 வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி 5,500 ரூபாயாம். பில் போடும்போதே எடுத்தால்தான் உண்டு என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். 2,500 ரூபாய் அளவில், டிவி கம்பெனியே நேரடியாகத் தருவதாக இருந்தால் யோசிக்கலாம். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

எல்.இ.டி. டிவியில் செலவு வைக்கக்கூடிய பழுது மூன்றுதான். முதலாவது பேக்லைட். திரைக்குப் பின்னால் வரிசையாக எல்.இ.டி. பட்டைகள் இருக்கும். அதில் ஒரு விளக்கு போனாலே பல மாடல்களில் மொத்தமும் அணைந்துவிடும். சத்தம் வரும், படம் வராது. இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். 55 இன்ச்சுக்குப் பட்டைகளை மொத்தமாக மாற்ற வெளி மெக்கானிக்கிடம் சுமார் 3,000 முதல் 4,500 ரூபாய் ஆகும். இரண்டாவது, போர்டு. பவர் போர்டு என்றால் பல நேரம் 2,000 ரூபாய்க்குள் சரிசெய்துவிடலாம். மெயின் போர்டையே மாற்ற வேண்டுமானால் 5,000, 7,000 என்று போகும். மூன்றாவது பேனல், அதாவது படம் தெரியும் கண்ணாடித் திரை. டிவி விலையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். உங்கள் டிவிக்கு 28,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, 5,500 ரூபாய் கட்டி பேக்லைட்டோ போர்டோ போனால் கிட்டத்தட்ட கட்டிய காசுக்குச் சரி. லாபம் என்று ஒன்று வருவது பேனல் போனால் மட்டும்தான். 28,000-ஐ 5,500-ஆல் வகுத்தால் ஐந்து. உங்களைப் போல வாங்கிய ஐந்து பேரில் ஒருவருக்காவது இரண்டாம், மூன்றாம் வருடத்தில் பேனல் போனால்தான் இந்த வாரண்டி விலைக்குத் தகும். ஐந்துக்கு ஒன்று பேனல் போகிற டிவி என்றால் வாரண்டியைப் பற்றி என்ன பேச்சு, அந்த டிவியையே வாங்கக் கூடாது!

தயாரிப்புக் கோளாறு இருக்கிற டிவி பெரும்பாலும் முதல் சில மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு இலவச வாரண்டி இருக்கிறது. பேக்லைட் தேய்ந்து போவது பொதுவாக நான்கைந்து வருடம் ஓடிய பிறகு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, டிவி அதிகம் தொந்தரவு தராத இரண்டு வருடத்தை. (புது டிவியைக் கடைக்காரர் வைத்துக் கொடுக்கும் பளிச்சென்ற ‘விவிட்’ மோடிலேயே ஓட்டாமல், செட்டிங்ஸில் பேக்லைட்டை 60, 70-க்குக் குறைத்து வையுங்கள். பட்டைகள் சூடாவது குறையும். இதற்குச் செலவில்லை.)

அடுத்து, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது. கடைகள் விற்கும் திட்டங்கள் பலவும் டிவி கம்பெனியுடையவை அல்ல, வேறொரு நிறுவனத்துடையவை. அவற்றில் தேய்மானம் என்று ஒரு வரி இருக்கும். ரிப்பேர் செய்யக் கட்டுப்படியாகாது என்று அவர்கள் முடிவு செய்தால் டிவியின் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மூன்றாம் வருடத்தில் பாதி கழிப்பதாக இருந்தால் உங்களுக்கு 23,000 ரூபாய். அதுவும் ரொக்கமாக இல்லாமல் அதே கடையில் பொருள் வாங்கும் கூப்பனாக வரலாம். இந்த விவரம் மேசையில் வைத்திருக்கும் வண்ணத் தாளில் இருக்காது. முழு நிபந்தனைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, தேய்மானம் எத்தனை சதவீதம், பேனல் உண்டா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்ற மூன்றை மட்டும் தேடிப் பாருங்கள்.

இதில் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்பது உங்களுக்கு ரொம்ப முக்கியம். சர்வீஸ் சென்டரிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் ஆள் வருவார், அதற்கு மேல் நீங்களே கொண்டுவர வேண்டும் என்று சில திட்டங்கள் சொல்கின்றன. 55 இன்ச் டிவியைப் படுக்கப்போட்டு லோடு ஆட்டோவில் கொண்டுபோனால், போர்டு கோளாறோடு கிளம்பிய டிவி பேனல் உடைந்து போய்ச் சேரும். உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. அதனால் எந்த வாரண்டி எடுத்தாலும் அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். டிவி எப்போதும் நிமிர்ந்த நிலையில்தான் பயணம் செய்ய வேண்டும்.

இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்துவது கடையின் திட்டத்துக்குத்தான் பொருந்தும். பல டிவி கம்பெனிகள் தங்கள் சொந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியை, இலவச வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்க விடுகின்றன. உங்கள் மாடலுக்கு உண்டா என்று கஸ்டமர் கேரில் கேட்டுவிட்டு, முடிவைப் பதினோராம் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். அந்த மாதத்தில் ஒரு நாள் யூடியூபில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறம் காட்டும் வீடியோவை ஓட்டி, ஓரத்தில் நிழல், கோடு, புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். எல்லா எச்.டி.எம்.ஐ. துளையிலும் வயரை மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் இலவச வாரண்டியிலேயே புகார் பதிந்துவிடலாம். இன்னொன்று, பேனலுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருடம் இலவசமாகத் தரும் கம்பெனிகள் உண்டு. உங்கள் டிவிக்கு அப்படி ஒரு வருடம் இருந்தால், கடைக்காரர் விற்கும் இரண்டு வருடத்தில் ஒரு வருடத்துக்கான பேனல் வாரண்டி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

தவணையில் வாங்குகிறீர்களானால், ஃபைனான்ஸ் மேசையில் கையெழுத்துப் போடும் முன் கடன் தொகை 46,000-தானா என்று பாருங்கள். வாரண்டியை அதிலேயே சேர்த்து, மாதம் சில நூறு ரூபாய்தானே என்று முடித்துவிடுவது உண்டு.

75 இன்ச்சுக்கு மேல், அல்லது ஓ.எல்.இ.டி. வாங்குகிறவர்களுக்கு என் பதில் வேறு. அங்கே பேனல் விலை டிவி விலையை நெருங்கிவிடும், வெளி மெக்கானிக்கும் கைவைக்கத் தயங்குவார். கம்பெனியின் சொந்தத் திட்டம், தேய்மானம் கழிக்காமல், டிவி விலையில் 6 சதவீதத்துக்குள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓ.எல்.இ.டி.யில் சேனல் லோகோ திரையில் பதிந்துபோகும் ‘பர்ன்-இன்’ பெரும்பாலான திட்டங்களில் சேராது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஐப்பசி மழையில் இடி விழுந்து வருடத்துக்கு இரண்டு வீட்டிலாவது டிவி போகிறது. அதற்காகவாவது வாரண்டி எடுக்க வேண்டாமா?

பதில்: அதற்குத்தான் அது உதவாது. இடி, ஹை வோல்ட்டேஜ், தண்ணீர், எறும்பு, பல்லி எல்லாம் சாதாரண எக்ஸ்டெண்டட் வாரண்டியில் விலக்கப்பட்டவை. டெக்னீஷியன் பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது பவர் போர்டில் கரண்ட் நுழையும் இடத்தைத்தான். அங்கே பியூஸுக்குப் பக்கத்தில் காசு அளவில் வட்டமாக ஒரு வில்லை இருக்கும். அது வெடித்துக் கருகியிருந்தால் ‘வோல்ட்டேஜ்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இப்படிப்பட்ட சேதத்துக்கு இன்சூரன்ஸ் வகைத் திட்டம் தனியாக உண்டு. இடி, மின்கோளாறு என்ற சொற்கள் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அந்தக் காசில் 2,000 முதல் 3,000 ரூபாய்க்கு, ஹை வோல்ட்டேஜ் கட்-ஆஃப் உள்ள டிவி ஸ்டெபிலைசர் வாங்குங்கள். லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். அப்போது அது துண்டித்துவிடும். இடிக்கு ஸ்டெபிலைசரும் தாங்காது. இடி பெரும்பாலும் மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸுக்கு வந்து, எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக மெயின் போர்டை அடிக்கும். சுவிட்சை அணைத்தாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. அதனால் மேகம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குவதோடு, டிவியின் பின்னால் உள்ள எச்.டி.எம்.ஐ. வயரையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: வாரண்டி எடுத்துவிட்டோம். 20-வது மாதம் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. வந்தவர் "அடிபட்டிருக்கு, வாரண்டி கிடையாது" என்கிறார். யாரும் தொடவே இல்லை.

பதில்: அடிபட்ட பேனலில் அடிபட்ட இடம் தெரியும். அந்த ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல் விரிசல் கிளம்பும், அல்லது மை கொட்டியதுபோல் கறுப்பு பரவும். ஓரத்திலிருந்து ஓரம் வரை நூல் பிடித்ததுபோல் நேராக ஒரே கோடு என்றால், பெரும்பாலும் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டை இணைப்பு விட்டுப்போயிருக்கும். அது அடிபடாமலும் வரும் கோளாறு.

டிவியை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துத் திரை முழுவதையும் வீடியோ எடுங்கள். நாலு ஓரத்தையும் விடாதீர்கள். பிறகு டிவியைப் போட்டு, கோடு தெரிகிற மாதிரி இன்னொன்று. வந்தவரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். எந்த இடத்தில் அடிபட்டது என்று ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இடத்தைக் குறிப்பிட்டு எழுதச் சொன்னதும் பல பேர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். எழுத மறுத்தால், வீடியோவோடு வாரண்டி நிறுவனத்துக்கும் டிவி கம்பெனிக்கும் கடைக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டிச் சான்றிதழில் உள்ள சீரியல் நம்பரும் டிவியின் பின்னால் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்பதை அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அதையே காரணமாகச் சொல்வார்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாரண்டி நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கும் வாரண்டிக்கும் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். கடை, டிவி கம்பெனி, வாரண்டி நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர்கள் அவரைக் கைகாட்டுவார்கள்.