கல்யாணக் கவரில் பெயர் எழுதிச் சம்பாதிக்க முடியுமா?

பி.காம் கடைசி வருடம் படிக்கும் மகள், வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகைக்கு எழுதித் தரப்போகிறேன் என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் எழுத்து அழகா என்பது இருக்கட்டும். முதலில் ஒரு ஆர்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம் அம்மா.

200 கவர், கவருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு 3,000 வரும். பென்சிலில் கோடு போட்டு, எழுதி, காயவைத்து, கோட்டை அழிக்கக் கவருக்கு 4 நிமிடம் என்றாலும் 13 மணி நேரம் தாண்டும். மைக்கும் நிப்புக்கும் 300 போனால் மணிக்குச் சுமார் 200 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கெட்டுப்போகும் கவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பளபளக்கும் கவரில் மை உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். அதனால் விலை பேசும் முன்பே ஒரு கவரில் எழுதி, ஒரு மணி நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மை கையோடு வந்தால் பேனாவை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம். இன்னொரு தொல்லை பெயர்ப் பிழை. போனில் சொல்லக் கேட்டு எழுதினால் ர-வும் ற-வும் இடம் மாறும், சம்பந்தி வீட்டில் அது பெரிய விஷயமாகிவிடும். பட்டியலை எழுத்தில்தான் வாங்க வேண்டும், உபரியாக 20 கவரும் கேட்டு வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கவரைவிட மணமக்கள் பெயரை ஒரே ஒரு முறை வரைந்து அச்சகத்துக்குக் கொடுப்பதுதான் நல்ல வேலை. வழவழப்பான வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் இரண்டு மடங்கு அளவில் எழுதி, 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, கணினியில் கோட்டு வடிவமாக மாற்றித் தர வேண்டும். இரண்டு மாலை வேலைக்கு 2,500 கேட்கலாம், 200 பத்திரிகை அடித்தாலும் 1,000 அடித்தாலும் அவள் உழைப்பு ஒன்றுதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: தங்க ஃபாயில் அச்சில் ‘ண’வின் சிறு சுழிகள் அடைபட்டுப் போகும், மெல்லிய கோடு அறுந்து வரும். அச்சடிக்கும் அளவுக்குச் சுருக்கிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். அதே எழுத்து வீட்டுப் பெயர்ப்பலகைக்கும் போகும். அங்கே எழுத்தை வெட்டியெடுக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக வந்து விழும். அதைத் தனியாக ஒட்ட வேண்டும், அந்தக் கூலியையும் விலையில் சேர்க்க வேண்டும்.

அப்புறம், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமும் இல்லை, கிரகப்பிரவேசமும் இல்லை. மார்கழியில் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்து அட்டைகள் ஓரளவு கைகொடுக்கும், ஆடியில் அதுவும் கிடையாது. அதனால் பட்டத்தை முடிக்கட்டும், பகுதிநேர வேலை ஒன்றையும் வைத்துக்கொள்ளட்டும். ஆவணி முதல் ஆனி வரை வந்த பணத்தை 12-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு தொடக்கநிலை கணக்கர் சம்பளத்தில் பாதியாவது தேறினால், முழுநேரம் பற்றி அப்போது பேசலாம்.