லாபம் ஏறுகிறது, பணம் எங்கே? மூன்று 'நாள்' கணக்குகளைப் படிப்பது எப்படி

கேள்வி: இயந்திர உதிரிபாகம் செய்து விற்கிறேன். போன ஆண்டு விற்பனை 584 லட்சம், இந்த ஆண்டு 730 லட்சம். லாபமும் 40 லட்சத்திலிருந்து 50 லட்சமாகிவிட்டது. ஆனால் ஓவர்டிராஃப்ட் குறையவே மாட்டேன் என்கிறது. ஆடிட்டர் மூன்று எண்களைக் காட்டுகிறார்: ரிசீவபிள் டேஸ் 45லிருந்து 62, இன்வென்டரி டேஸ் 60லிருந்து 78, பேயபிள் டேஸ் 45லிருந்து 62. இதில் எது கோளாறு, எங்கே கை வைப்பது?

பதில்:

ரிசீவபிள் டேஸ் என்பது எத்தனை நாள் விற்பனைப் பணம் வராமல் நிற்கிறது என்பது, இன்வென்டரி டேஸ் எத்தனை நாளுக்கான சரக்கு கையில் இருக்கிறது என்பது, பேயபிள் டேஸ் எத்தனை நாள் பாக்கியைச் சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது. முதலில் இந்த மூன்று எண்களையும் பணமாக மாற்றுங்கள். நாட்களாக வைத்துக்கொண்டு யோசித்தால் எது பெரிது, எது சிறிது என்று தெரியாது.

730 லட்சத்தை 365ஆல் வகுத்தால் ஒரு நாள் விற்பனை 2 லட்சம். அதனால் 62 நாள் வரவேண்டிய பாக்கி என்பது 124 லட்சம். சரக்குக்கும் சப்ளையர் பாக்கிக்கும் விற்பனையைக் கொண்டு வகுக்கக் கூடாது. சரக்கு அடக்கவிலையில் நிற்கிறது, விற்பனையில் லாபமும் சேர்ந்திருக்கிறது. விற்ற பொருளின் அடக்கவிலை விற்பனையில் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 1.5 லட்சம். 78 நாள் சரக்கு 117 லட்சம், 62 நாள் சப்ளையர் பாக்கி 93 லட்சம்.

வரவேண்டியதையும் சரக்கையும் கூட்டிச் சப்ளையர் பாக்கியைக் கழித்தால் 148 லட்சம். இதுதான் தொழிலுக்குள் முடங்கியிருக்கும் உங்கள் பணம். போன ஆண்டுக்கும் இதே கணக்கைப் போட்டால் 72 கூட்டல் 72 கழித்தல் 54, அதாவது 90 லட்சம். ஒரே ஆண்டில் 58 லட்சம் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. லாபமோ 50 லட்சம். தேய்மானம், இயந்திரச் செலவு, நீங்கள் எடுத்த பணம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலே 8 லட்சம் துண்டு விழுகிறது. அந்த இடைவெளியைத்தான் ஓவர்டிராஃப்ட் நிரப்புகிறது.

இந்த 58 லட்சம் முழுவதும் நிர்வாகக் குறை அல்ல. 45, 60, 45 என்ற பழைய நாட்களிலேயே இருந்திருந்தாலும், விற்பனை கால் பங்கு ஏறியதால் 22.5 லட்சம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். வளர்ச்சி கேட்கும் முதல் அது. நாட்கள் நீண்டதால் போனது மீதி 35.5 லட்சம். சப்ளையர்களுக்குத் தாமதமாகக் கொடுத்ததால்தான் அது அந்த அளவோடு நின்றது. வசூலிலும் சரக்கிலும் சேர்ந்து 61 லட்சம் நழுவியிருக்கிறது, அதில் 25.5 லட்சத்தைச் சப்ளையர்கள் சுமக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ஆண்டுக் கணக்கிலிருந்தே தெரியும். கோளாறு எங்கே என்பதற்கு மாதவாரி விற்பனைப் பட்டியல், வயதுவாரிப் பாக்கிப் பட்டியல், சரக்குப் பதிவேடு மூன்றும் வேண்டும். உங்கள் உள்விவரம் கேள்வியில் இல்லாததால், உங்கள் மொத்தத்துக்குப் பொருந்துகிற மாதிரி எண்களை வைத்து வழியைக் காட்டுகிறோம். உங்கள் பதிவேட்டிலிருந்து அதே இடங்களில் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வசூல் நாட்களிலிருந்து தொடங்குவோம். 62 என்பது ஆண்டின் கடைசி நாளில் இருந்த பாக்கியை ஆண்டு முழுவதற்குமான சராசரி விற்பனையால் வகுத்து வந்தது. ஆண்டுக் கடைசியில் விற்பனை சூடு பிடித்திருந்தால், வாடிக்கையாளர்கள் ஒழுங்காகக் கட்டினாலும் இந்த எண் எகிறும். ஆகவே பின்னோக்கிக் கழித்துப் பாருங்கள். கடைசி மாத விற்பனை 80 லட்சம், அதற்கு முந்தைய மாதம் 66 லட்சம் என்போம். 124 பாக்கியில் கடைசி மாதத்து 80ஐக் கழித்தால் 30 நாள் போயிற்று, மீதி 44. முந்தைய மாத விற்பனை 66இல் அது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 நாள். மொத்தம் 50 நாள். போன ஆண்டு விற்பனை மாதாமாதம் சீராக இருந்திருந்தால் அதற்கு இரண்டு முறையிலும் 45தான் வரும். ஆக வசூல் 17 நாள் கெடவில்லை, 5 நாள்தான் கெட்டிருக்கிறது.

அந்த 50ம் ஒரு சராசரிதான். வயதுவாரிப் பட்டியலில் 90 நாளைத் தாண்டிய தொகை 18 லட்சம், அதுவும் இரண்டே வாடிக்கையாளர்களிடம் என்றால், அவர்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். மீதி 106 லட்சத்துக்கு 42 நாள்தான் வருகிறது. மற்ற எல்லோரும் போன ஆண்டைவிடச் சீக்கிரமாகவே கட்டுகிறார்கள். இந்த நிலையில் எல்லா வாடிக்கையாளருக்கும் கெடுவைக் குறைத்துக் கடிதம் அனுப்புவது, ஒழுங்காகக் கட்டுகிறவர்களை வருத்தப்படுத்தும் வேலை. அந்த இருவர் ஏன் கட்டவில்லை என்று பாருங்கள். பணம் இல்லாத வாடிக்கையாளர் வேறு. பில்லில் விலையோ அளவோ ஆர்டர் எண்ணோ தவறாக இருப்பதால் பில்லை ஓரம் கட்டி வைத்திருப்பவர் வேறு. பின்னவரிடம் நினைவூட்டல் பலிக்காது, திருத்திய பில் போனால்தான் பணம் வரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வரவேண்டிய பாக்கியில் விற்பனை வரியும் சேர்ந்திருக்கும், விற்பனைக் கணக்கில் வரி இருக்காது. வரி 10 சதவீதம் என்றால் உண்மையில் 45 நாளாக இருப்பது 49.5 என்று தெரியும். இரண்டிலும் வரியைச் சேர்த்தோ, இரண்டிலும் நீக்கியோ கணக்கிடுங்கள். சப்ளையர் பாக்கிக்கும் இதே விதிதான்.

அடுத்தது சரக்கு. மூன்றில் அதிகம் ஏமாற்றும் எண் இதுதான். சரக்கு இனிமேல் விற்கப்போவதற்காக நிற்பது. அதனால் கடந்த ஆண்டின் சராசரியைவிட இப்போதைய வேகத்தால் வகுப்பதே பொருள் தரும். மாதம் 80 லட்சம் விற்பனை தொடரும் என்றால் அடக்கவிலை மாதம் 60 லட்சம், நாளொன்றுக்கு 2 லட்சம். 117 லட்சச் சரக்கு 58 நாளுக்கு வரும். போன ஆண்டின் 60ஐவிடக் குறைவு! இங்கேயே திருப்திப்பட்டு நின்றுவிடுகிறவர்கள் பலர்.

நிற்காமல் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் கடைசியாக வெளியே போன தேதியைப் போட்டு, பழையது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஆறு மாதமாக அசையாத சரக்கு 30 லட்சத்துக்கு இருக்கிறது என்போம். அப்படியானால் ஓடுகிற சரக்கு 87 லட்சம், அதாவது 43 நாளுக்கு மட்டும். மொத்த எண் நன்றாகத் தெரிந்தபோது உள்ளே இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன: விலைபோகாத சரக்கு தேங்கிக் கிடக்கிறது, தேவையான சரக்கு பற்றாக்குறையாகிறது. கிடங்கு நிறைந்திருக்கும்போதே 'அந்த அளவு ஸ்டாக் இல்லை' என்று ஆர்டர் தள்ளிப்போகிறதா? இதுதான் காரணம். இந்த நேரத்தில் 'சரக்கைக் குறை' என்று பொதுவாக உத்தரவிட்டால், வேகமாகப் போகிற பொருளின் கொள்முதல்தான் வெட்டப்படும். அசையாத பொருளுக்குத்தான் கொள்முதலே இல்லையே, அதில் வெட்ட என்ன இருக்கிறது?

சப்ளையர் நாட்கள் ஏறினால் திறமை என்று நினைப்பது பழக்கம். பேசிப் பெற்ற கெடு நீண்டிருந்தால் அது சரி. இதற்கும் பின்னோக்கிக் கழித்தலே நல்லது, ஆனால் கொள்முதலை வைத்து. அடக்கவிலையில் தொழிற்சாலைக் கூலியும் இருக்கிறது, அது சப்ளையருக்குப் போவதில்லை. கடைசி இரண்டு மாதக் கொள்முதல் 50, 43 லட்சம் என்றால் 93 லட்சப் பாக்கி சரியாக 60 நாள். ஒப்புக்கொண்ட கெடு 45 என்றால் எல்லோருக்கும் சராசரியாக 15 நாள் தாமதமாகக் கொடுக்கிறீர்கள். கொள்முதல் மேலாளரிடம் கேளுங்கள்: சப்ளையர்கள் மூலப்பொருளை முன்போல உடனே அனுப்புகிறார்களா, முன்பணம் கேட்கத் தொடங்கிவிட்டார்களா? தாமதமாக வரும் மூலப்பொருளுக்குப் பயந்து ஒருமுறைக்கு அதிகமாக ஆர்டர் போடுவதும் சரக்கு தேங்க ஒரு காரணம்.

தள்ளிப்போடுவதற்கு விலையும் உண்டு. 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 45 நாள் என்று ஒரு சப்ளையர் சொல்கிறார் என்போம். தள்ளுபடியை விட்டுவிட்டு 45ஆம் நாள் கட்டுவது, 98 ரூபாயை 35 நாளுக்குக் கடன் வாங்கி 2 ரூபாய் வட்டி கொடுப்பதற்குச் சமம். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் சுமார் 21 சதவீதம். உங்கள் ஓவர்டிராஃப்ட் வட்டி அதைவிடக் குறைவென்றால், அங்கிருந்து எடுத்துச் சப்ளையருக்கு முன்கூட்டியே கட்டுவதே லாபம். அப்போது பேயபிள் நாள் குறையும், ஓவர்டிராஃப்ட் கூடும், அட்டவணையில் நிலைமை மோசமானதுபோலத் தெரியும். ஆனாலும் அதுதான் சரியான முடிவு.

இனி வரிசை. முதலில் அந்த இருவரிடமிருந்து 18 லட்சம். தீரும்வரை அவர்களுக்குப் புதுச் சரக்கைக் கடனுக்கு அனுப்பாதீர்கள். சப்ளையர் பாக்கியை 45 நாளுக்குக் கொண்டுவரச் சுமார் 21.5 லட்சம் வேண்டும், வசூலான பணம் நேராக அங்கே போகட்டும். நின்றால் உங்கள் உற்பத்தியே நின்றுவிடக்கூடிய மூலப்பொருள் சப்ளையர்களுக்கு முதலிடம். ஓவர்டிராஃப்ட் இந்தக் கட்டத்தில் குறையாது, குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஓவர்டிராஃப்டைக் குறைக்கும் பணம் அசையாத 30 லட்சத்திலிருந்துதான் வர வேண்டும். மறுவேலை செய்து ஓடுகிற அளவாக்க முடிந்ததைப் பிரியுங்கள், மூலப்பொருளாகவே இருப்பதைச் சப்ளையர் திரும்ப எடுப்பாரா என்று கேளுங்கள், மீதியைக் கிடைக்கும் விலைக்குத் தள்ளுங்கள். இங்கே ஒரு கசப்பு காத்திருக்கிறது. கணக்கியல் விதிப்படி சரக்கை அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். 30 லட்சச் சரக்கு 12 லட்சத்துக்குத்தான் போகும் என்றால், மீதி 18 லட்சத்தை இந்த ஆண்டு லாபத்திலேயே கழித்திருக்க வேண்டும். அப்போது 50 லட்ச லாபம் 32 ஆகிவிடும், போன ஆண்டின் 40ஐவிடக் குறைவு. ஆடிட்டரிடம் அடுத்த முறை பேசும்போது, அசையாத சரக்கை எந்த விலையில் காட்டியிருக்கிறார் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.