மலிவான பங்குகளைச் சலிக்க ஒன்பது கேள்விகள்

"புக் வேல்யூவை விடக் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று 14 சிறு நிறுவனப் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறேன். இவற்றில் தேறி வருவது எது, தேய்ந்துகொண்டிருப்பது எது என்று வருடக் கணக்கை வைத்தே பிரிக்க எளிய வழி உண்டா? நான் காமர்ஸ் படித்தவன் இல்லை."

வழி இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜோசப் பியோட்ரோஸ்கி 2000-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. எஃப்-ஸ்கோர் என்பார்கள். உங்களிடம் இருப்பது போன்ற மலிவான பங்குகளுக்காகவே உருவாக்கியது. 1976 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்குகளில் அவர் சோதித்தபோது, மலிவான பங்குகளில் பாதிக்கும் மேலானவை சந்தையை விடப் பின்தங்கியிருந்தன. அதிக மதிப்பெண் பெற்றவற்றை மட்டும் எடுத்திருந்தால் சராசரி லாபம் ஆண்டுக்கு 7.5 சதவீதப் புள்ளிகளாவது கூடியிருக்கும்.

ஒன்பது கேள்விகள், 'ஆம்' என்றால் 1, 'இல்லை' என்றால் 0. முதல் நான்கும் லாபம் பற்றியவை: நிகர லாபம் உண்டா, தொழிலிலிருந்து ரொக்கம் வந்ததா, சொத்துக்கு ஏற்ற லாப விகிதம் போன வருடத்தை விடக் கூடியதா, வந்த ரொக்கம் லாபத்தை விட அதிகமா. அடுத்த மூன்று கடன் பற்றியவை: சொத்தோடு ஒப்பிட்டால் நீண்ட காலக் கடன் குறைந்ததா, நடப்புச் சொத்துக்கும் நடப்புப் பொறுப்புக்கும் உள்ள விகிதம் கூடியதா, புதுப் பங்கு விற்றுப் பணம் திரட்டாமல் இருந்தார்களா. கடைசி இரண்டு திறமை பற்றியவை: விற்பனையில் சரக்குச் செலவு போக நிற்கும் மொத்த லாப விகிதம் கூடியதா, சொத்துக்கு ஏற்ற விற்பனை கூடியதா.

ஒரு கற்பனைக் கம்பெனிக்குப் போட்டுப் பார்ப்போம். பம்ப் தயாரிப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கோடி ரூபாயில். லாபம் 20-லிருந்து 26 ஆனது. வருடத் தொடக்கச் சொத்து போன வருடம் 480, இந்த வருடம் 500. ஆக லாப விகிதம் 4.2 சதவீதத்திலிருந்து 5.2-க்கு ஏறியது. விற்பனை 600-லிருந்து 660. அதே சொத்தால் வகுத்தால் 1.25 மடங்கு 1.32 ஆகிறது. நீண்ட காலக் கடன் 120-லிருந்து 105-க்கு இறங்கியது. புதுப் பங்கு எதுவும் வெளியிடவில்லை. ஆனால் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் வெறும் 9. மொத்த லாப விகிதம் 25 சதவீதத்திலிருந்து 24-க்கு இறங்கிவிட்டது. நடப்புச் சொத்து 210-லிருந்து 225, நடப்புப் பொறுப்பு 150-லிருந்து 165, விகிதம் 1.40-லிருந்து 1.36. கூட்டினால் 6.

சரி, ஆறு நல்ல மதிப்பெண்தானே? இங்கேதான் அவசரப்படக் கூடாது. எந்த மூன்று போயிற்று என்று பாருங்கள். லாபம் 26, ரொக்கம் 9 என்றால் மீதி எங்கே? பேலன்ஸ் ஷீட்டில் 'வர வேண்டிய பாக்கி' 80-லிருந்து 115 ஆகியிருக்கிறது. விற்பனை பத்து சதவீதம்தான் கூடியது, பாக்கியோ நாற்பது சதவீதத்துக்கு மேல். விலையைக் குறைத்து, டீலர்களுக்குக் கடனுக்குச் சரக்கு தள்ளியிருக்கலாம். மொத்த லாப விகிதம் இறங்கியதும் அதோடு பொருந்துகிறது. அப்புறம், நடப்புப் பொறுப்பில் கூடிய 15 கோடியும் வங்கியின் குறுகிய காலக் கடன். அடைத்த நீண்ட காலக் கடனும் அதே 15 கோடிதான். பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்கியதற்கு இந்த முறை ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டது! இப்படிப்பட்ட ஆறை நான் கூடையில் வைக்க மாட்டேன். மொத்த லாப விகிதம் கூடி, ரொக்கம் லாபத்தைத் தாண்டி வந்த இன்னொரு ஆறாக இருந்தால் யோசிப்பேன்.

நீங்களே கணக்குப் போடும்போது தடுமாறும் இடங்கள் சில உண்டு. நம் லாப-நட்டக் கணக்கில் மொத்த லாபம் என்று தனி வரி இருக்காது. விற்பனையிலிருந்து மூலப்பொருள் செலவு, வாங்கி விற்ற சரக்கு, இருப்பில் ஏற்பட்ட மாற்றம் மூன்றையும் கழித்து எடுங்கள். போனஸ், ஸ்பிளிட் இரண்டும் பங்கின் எண்ணிக்கையைக் கூட்டும், ஆனால் பணம் திரட்டியதாகாது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். துணை நிறுவனங்கள் இருந்தால் எல்லா வருடத்துக்கும் ஒருங்கிணைந்த கணக்கையே எடுங்கள். தொடக்கச் சொத்து இரண்டு வருடத்துக்கும் தேவை என்பதால் மூன்று வருட பேலன்ஸ் ஷீட் வேண்டும். 14-ல் வங்கியோ நிதி நிறுவனமோ இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். கடன்தான் அவர்கள் வியாபாரமே, இந்தக் கேள்விகள் அங்கே பொருந்தாது.

பியோட்ரோஸ்கி 8, 9 வாங்கியவற்றைத்தான் வலுவானவை என்றார். 14 பங்குகளில் அத்தனை கிடைப்பது அரிது. அதனால் 7-ம் அதற்கு மேலும் வாங்கியவற்றை வைத்துக்கொள்வது, 3-க்குக் கீழ் விற்பது, நடுவில் உள்ளவற்றை மேலே செய்தது போலப் பிரித்துப் பார்ப்பது என்பது என் வழக்கம். மார்ச் வருடக் கணக்கை நிறுவனங்கள் மே 30-க்குள் வெளியிட வேண்டும். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் உட்கார்ந்து வருடம் ஒருமுறை போட்டால் போதும்.